மயங்கிக் கிடப்பவரின் விரலில் முதலில் ஏன் ஊசி குத்துகிறார்கள்?

ஒருவர் நடுத்தெருவில் மயங்கிக் கிடக்கிறார். ஆம்புலன்ஸ் வருகிறது. மூச்சு வருகிறதா, நாடி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அடுத்த நிமிடமே ஒருவர் அவருடைய விரலைப் பிடித்து, ஓரத்தில் சின்னதாகக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை ஒரு பட்டையில் தொட வைக்கிறார். அவருக்கு சர்க்கரை நோய் உண்டா என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கீழே விழுந்து தலையில் அடிபட்டிருக்கலாம், குடித்திருக்கலாம், வலிப்பு வந்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் சரி, விரலில் குத்துவது மட்டும் நிச்சயம்.

ஆங்கிலம் பேசும் நாடுகளின் அவசர சிகிச்சைக்காரர்கள் இதற்கு ஒரு மனப்பாட சூத்திரமே வைத்திருக்கிறார்கள். ஏ, பி, சி என்பது மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம். அதற்கடுத்த டி, இ, எஃப், ஜி என்ற நான்கு எழுத்துக்களுக்கு 'டோன்ட் எவர் ஃபர்கெட் குளுக்கோஸ்', அதாவது 'குளுக்கோஸை ஒருபோதும் மறக்காதே' என்று விரிவு சொல்கிறார்கள்.

ஒரு சாதாரண சோதனைக்கு இத்தனை முன்னுரிமை எப்படி வந்தது? ஒரே நாளில் வரவில்லை. சில முயல்கள், ஒரு மனநல சிகிச்சை, ஒரு இஞ்சினியர், ஒரு நீதிமன்ற வழக்கு என்று பல கைகள் மாறி வந்த பழக்கம் இது.

ஒரு டீஸ்பூன் கணக்கு

வரலாற்றுக்குள் போகும் முன் ஒரு சின்னக் கணக்கு. வளர்ந்த மனிதரின் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. சாதாரணமாக 100 மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய 100 மில்லிகிராம் குளுக்கோஸ் இருக்கும். பெருக்கிப் பாருங்கள். மொத்த ரத்தத்திலும் சேர்த்து சுமார் 5 கிராம் தான் வரும். ஒரு டீஸ்பூன் சர்க்கரை!

மூளை உடல் எடையில் 2 சதவீதம் தான். ஆனால் உடல் செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. ஒரு நாளைக்கு சுமார் 120 கிராம், அதாவது மணிக்கு 5 கிராம் குளுக்கோஸ் அதற்கு வேண்டும். மற்ற உறுப்புகள் கொழுப்பை எரித்து சமாளித்துக் கொள்ளும். மூளையால் அது முடியாது, தனக்கென்று பெரிய சேமிப்பும் அதனிடம் கிடையாது. நாள்கணக்கில் பட்டினி கிடந்தால் கீட்டோன் என்ற மாற்று எரிபொருளுக்கு அது பழகிக்கொள்ளும். ஆனால் அரை மணி நேரத்தில் சர்க்கரை சரிந்தால் அந்த ஏற்பாடு நடக்க நேரமில்லை.

ஆக, ரத்தத்தில் இருக்கும் மொத்த இருப்பு மூளையின் ஒரு மணி நேரச் செலவுக்குத்தான் காணும். நாம் தூங்கும்போதும் உயிரோடு இருக்கக் காரணம், கல்லீரல் தன் கிடங்கிலிருந்து நிமிடத்துக்கு நிமிடம் சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருப்பதுதான். வரவும் செலவும் சமமாக ஓடும் ஒரு கடை போல. வரவு நின்றால் கல்லாப்பெட்டி காலியாக அதிக நேரம் ஆகாது.

அந்த வரவை நிறுத்தக்கூடிய பொருள் ஒன்று 1921-22ல் மனிதன் கைக்கு வந்தது. அதன் பெயர் இன்சுலின்.

டொராண்டோ முயல்கள்

கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பிரெடரிக் பான்டிங், சார்லஸ் பெஸ்ட், பேராசிரியர் மெக்லியோட், வேதியியல் நிபுணர் ஜேம்ஸ் காலிப் ஆகியோர் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்த கதை பலருக்கும் தெரியும். 1922 ஜனவரியில் லியோனார்டு தாம்சன் என்ற 14 வயது சிறுவனுக்கு அது முதன்முதலாகப் போடப்பட்டது. அதுவரை சாவை எதிர்நோக்கி எலும்பும் தோலுமாகக் கிடந்த குழந்தைகள் எழுந்து நடக்கத் தொடங்கினார்கள்.

அந்தக் கதையில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கம் முயல்களுடையது. தான் சுத்தப்படுத்திய சாற்றின் வீரியத்தை அறிய காலிப் அதை ஆரோக்கியமான முயல்களுக்குப் போட்டுப் பார்த்தார். முயல்களின் ரத்த சர்க்கரை இறங்கியது. இன்னும் இறங்கியபோது அவை வலிப்பு வந்து துடித்தன, பிறகு மயங்கிச் சரிந்தன. சாற்றில் ஏதோ விஷம் கலந்திருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் குளுக்கோஸ் கரைசலை ஊசியில் ஏற்றியதும் அதே முயல்கள் சில நிமிடங்களில் எழுந்து ஓடின. கேடு செய்தது விஷம் அல்ல, சர்க்கரை இல்லாமை.

இது எவ்வளவு துல்லியமாக நடந்தது என்றால், மருந்தின் அளவுகோலையே இதை வைத்துத்தான் அமைத்தார்கள். பட்டினி போட்ட 2 கிலோ எடையுள்ள முயலின் ரத்த சர்க்கரையை 4 மணி நேரத்தில் 45 மில்லிகிராம் அளவுக்கு, அதாவது வலிப்பு வரும் எல்லைக்கு, இறக்கும் அளவே தொடக்க கால 'யூனிட்'. இன்று சர்க்கரை நோயாளிகள் "காலையில் இருபது யூனிட்" என்று சொல்கிறார்களே, அந்தச் சொல்லின் அடியில் வலிப்பு வந்த ஒரு முயல் படுத்திருக்கிறது. (அந்த முதல் யூனிட் பிறகு சிறியதாக மாற்றப்பட்டது, அது வேறு விஷயம்.)

முயலுக்கு நடந்தது மனிதருக்கும் நடக்காமல் இருக்குமா? அதே 1922ல் டொராண்டோ டாக்டர்கள் வால்டர் கேம்ப்பெல், ஆல்மன் பிளெட்சர் இருவரும் தங்கள் நோயாளிகளிடம் கண்டதை எழுதினார்கள். முதலில் பசி, வியர்வை, கை நடுக்கம், காரணமில்லாத பதற்றம். இன்னும் இறங்கினால் பேச்சுக் குழறல், தடுமாற்றம், யார் எங்கே என்று தெரியாத குழப்பம். அதற்கும் கீழே மயக்கம். மருந்து என்னவோ ஆரஞ்சு ஜூஸ்தான்.

இந்தப் பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். பேச்சுக் குழறல், தடுமாற்றம், குழப்பம்.. குடித்தவனுக்கும் இதேதானே? இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

எழாமல் போனவர்கள்

இன்சுலின் மயக்கம் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை மனிதகுலம் ஒரு சங்கடமான வழியில் தெரிந்துகொண்டது. 1930களில் வியன்னாவில் மான்பிரெட் சாக்கல் என்ற டாக்டர், மனச்சிதைவு நோயாளிகளுக்கு வேண்டுமென்றே அதிக இன்சுலின் போட்டு மயக்கத்தில் ஆழ்த்தி, பிறகு மூக்கு வழிக் குழாயிலோ ரத்தக் குழாயிலோ சர்க்கரை கொடுத்து எழுப்பும் சிகிச்சையைப் பரப்பினார். 1950கள் வரை பல நாடுகளின் மனநல மருத்துவமனைகளில் இதற்கென்று தனி வார்டுகளே இருந்தன. அது நோயைக் குணப்படுத்தியதாக பின்னால் வந்த ஒப்பீடுகள் காட்டவில்லை, சிகிச்சையும் கைவிடப்பட்டது.

ஆனால் அந்த வார்டுகளில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. குறிப்பிட்ட நேரத்துக்குள் சர்க்கரை கொடுத்தால் பெரும்பாலானவர்கள் எழுந்து உட்கார்ந்து பேசினார்கள். மயக்கம் ரொம்ப ஆழமாகவோ, ரொம்ப நேரமாகவோ போய்விட்டால், சர்க்கரை கொடுத்தும் சிலர் எழவில்லை. ரத்தத்தில் அளவு சரியாகிவிடும், ஆனால் மூளை திரும்பி வராது. சிலர் இறந்தார்கள், சிலர் நினைவுத்திறன் இழந்து தப்பினார்கள். அதாவது, இந்த மயக்கத்தை மாற்றுவதற்கு ஒரு கதவு இருக்கிறது. அந்தக் கதவு திறந்தே இருப்பதில்லை.

எண் இல்லாமல் நம்பாதே

அதே பத்தாண்டில் நியூயார்க்கில் ஆலன் விப்பிள் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் வேறொரு கேள்வியோடு போராடிக்கொண்டிருந்தார். கணையத்தில் கட்டி வந்து தானாகவே இன்சுலினைச் சுரந்து தள்ளும் நோயாளிகள் சிலர் உண்டு. "எனக்கு அடிக்கடி மயக்கம் வருகிறது, படபடப்பு வருகிறது" என்று வருபவர்களில் யாருக்கு உண்மையில் அந்தக் கட்டி இருக்கிறது? எல்லோர் வயிற்றையும் திறந்து பார்க்க முடியாதே!

அவர் மூன்று நிபந்தனைகள் வைத்தார். ஒன்று, அறிகுறிகள் இருக்க வேண்டும். இரண்டு, அந்த நேரத்தில் ரத்த சர்க்கரை குறைவாக இருப்பது அளந்து காட்டப்பட வேண்டும். மூன்று, சர்க்கரை கொடுத்ததும் அறிகுறிகள் மறைய வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் நம்ப வேண்டும். 'விப்பிளின் மும்மை' என்று இன்றும் பாடப் புத்தகங்களில் இருக்கிறது.

இதில் முக்கியம் நடு நிபந்தனை. சர்க்கரை குறைவின் அறிகுறிகள் எல்லா நோய் மாதிரியும் வேடம் போடும். ஆகவே ஆளைப் பார்த்துச் சொல்லாதே, அளந்து சொல் என்பதுதான் அதன் பொருள்.

சரி, அளப்பது எப்படி? அன்றைக்கு இருந்த வழி ஹார்வர்டின் ஓட்டோ ஃபோலின், சியென் வூ இருவரும் 1919-20ல் வகுத்த முறை. நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து, அதிலுள்ள புரதத்தை வீழ்படிவாக்கி வடிகட்டி, செம்புக் கரைசலோடு சூடாக்கி, வரும் நீல நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஆய்வகம் வேண்டும், ஆள் வேண்டும், நேரம் வேண்டும். நள்ளிரவில் மயங்கி வந்தவருக்கு இது மூன்றும் கிடைக்காது.

சிறுநீர் சோதனை எளிதாக இருந்ததே என்று கேட்கலாம். சிறுநீரில் சர்க்கரை வருவது ரத்தத்தில் சுமார் 180ஐத் தாண்டிய பிறகுதான். அளவு 100 என்றாலும் சிறுநீரில் ஒன்றும் இருக்காது, 30 என்றாலும் ஒன்றும் இருக்காது. தவிர, சிறுநீர்ப்பையில் இருப்பது சில மணி நேரத்துக்கு முந்தைய கதை. அவசரத்துக்கு அது உதவாது.

ஆகவே டாக்டர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வழி வைத்திருந்தார்கள். காரணம் தெரியாமல் மயங்கி வந்தவர் யாராக இருந்தாலும் 50 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கரைசல் 50 மில்லி, அதாவது 25 கிராம் சர்க்கரை, நரம்பில் ஏற்றிவிடுவது. குறைவு என்றால் எழுந்துவிடுவார். அதிகம் என்றால் இருக்கும் மலையோடு இன்னும் ஒரு கல். மாறாக, சர்க்கரை அதிகம் என்று தப்பாக நினைத்து இன்சுலின் போட்டால், குறைவாக இருந்தவர் செத்தே போவார். ஒரு பக்கத் தவறுக்கு விலை குறைவு, மறு பக்கத் தவறுக்கு விலை உயிர். சந்தேகம் வந்தால் சர்க்கரை கொடு என்ற விதி இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான்.

குடித்தவனா, நோயாளியா?

1960களின் நடுவில் அமெரிக்காவின் ஏம்ஸ் கம்பெனி டெக்ஸ்ட்ரோஸ்டிக்ஸ் என்ற காகிதப் பட்டையைக் கொண்டுவந்தது. குளுக்கோஸோடு மட்டும் வினைபுரியும் நொதி அதன் நுனியில் இருக்கும். ஒரு பெரிய சொட்டு ரத்தத்தை வைத்து, சரியாக 60 வினாடி காத்து, தண்ணீரில் கழுவி, வந்த நிறத்தை டப்பாவில் உள்ள வண்ண அட்டையோடு ஒப்பிட வேண்டும். முதல்முறையாக ஆய்வகம் இல்லாமல் ஒரு நிமிடத்தில் ரத்த சர்க்கரை! ஆனால் நிறம் பார்க்கும் கண்ணுக்குக் கண் வித்தியாசம் வந்தது. மங்கிய விளக்கில் இன்னும் மோசம்.

அதே கம்பெனியில் அன்டன் கிளெமென்ஸ் என்பவர் அந்த நிறத்தை ஒளியால் அளந்து முள்ளில் காட்டும் கருவியைச் செய்தார். 1970ல் வந்த ஏம்ஸ் ரிஃப்ளக்டன்ஸ் மீட்டர் அது. கனமான பேட்டரியோடு ஒரு கிலோவுக்கு மேல் எடை.

இங்கேதான் அந்த இஞ்சினியர் வருகிறார். ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் 12 வயதிலிருந்து சர்க்கரை நோயாளி. 1969ல் ஆய்வகத் தொழில் பத்திரிகை ஒன்றில் இந்தக் கருவியின் விளம்பரத்தைப் பார்த்தார். அது யாருக்காக விற்கப்பட்டது தெரியுமா? சர்க்கரை நோயாளிகளுக்காக அல்ல. இரவில் ஆய்வகம் மூடிய பிறகு, நினைவில்லாமல் வரும் ஆள் குடித்துவிட்டுக் கிடக்கிறாரா, சர்க்கரை நோயாளியா என்று அவசர சிகிச்சைப் பிரிவு ஊழியர்கள் தெரிந்துகொள்வதற்காக! விலை 650 டாலர் என்றும், டாக்டர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் மட்டுமே விற்றார்கள் என்றும் அவர் பின்னாளில் எழுதினார். அவர் மனைவி டாக்டர் என்பதால் அவர் பெயரில் ஒன்றை வாங்கி, தன் விரலைத் தானே குத்தி ஒரு நாளைக்குப் பல முறை அளக்கத் தொடங்கினார். வீட்டில் சர்க்கரை பார்க்கும் பழக்கத்தின் முன்னோடிகளில் ஒருவர் அவர். தான் சொல்வதை டாக்டர்கள் கேட்கவில்லை என்பதற்காக நாற்பது வயதைத் தாண்டிய பிறகு மருத்துவமே படித்து டாக்டரானார்.

இன்று மீட்டர் என்றால் வீட்டு அலமாரிதான் நினைவுக்கு வரும். ஆனால் அது பிறந்தது மயங்கிக் கிடப்பவரைப் பற்றிய அந்தக் கேள்விக்காக. வீட்டுக்கு வந்தது பிறகுதான்.

ஷார்லட் நகரத்தில் ஒரு மாலை

அளக்காமல் ஆளைப் பார்த்து முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க உச்சநீதிமன்றப் பதிவிலேயே ஒரு கதை இருக்கிறது.

1984 நவம்பர் 12. வட கரோலினா மாநிலத்தின் ஷார்லட் நகரம். டெதோர்ன் கிரஹாம் ஒரு சர்க்கரை நோயாளி. சர்க்கரை இறங்குவதை உணர்ந்த அவர், ஆரஞ்சு ஜூஸ் வாங்குவதற்காக நண்பர் வில்லியம் பெர்ரியைக் காரில் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். கடையில் நீண்ட வரிசை. காத்திருக்க நேரமில்லை என்று வேகமாக வெளியே வந்து, வேறொரு நண்பர் வீட்டுக்குப் போகலாம் என்று காரில் ஏறினார்.

கடைக்குள் வேகமாகப் போய் வேகமாக வெளியே வந்தவரைப் பார்த்த கான்னர் என்ற போலீஸ்காரருக்கு சந்தேகம். காரை நிறுத்தினார். இவருக்கு சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று பெர்ரி சொன்னார். கடையில் என்ன நடந்தது என்று தெரியும்வரை இருங்கள் என்றார் போலீஸ்காரர். அதற்குள் கிரஹாம் காரிலிருந்து இறங்கி, காரை இரண்டு முறை சுற்றி ஓடி, நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து சிறிது நேரம் நினைவிழந்தார்.

மேலும் போலீசார் வந்தார்கள். சர்க்கரை கொடுங்கள் என்று பெர்ரி கெஞ்சியதைக் கேட்காமல் கைகளைப் பின்னால் கட்டி விலங்கு மாட்டினார்கள். சர்க்கரை நோயாளிகள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், யாரும் இப்படி நடந்துகொண்டதில்லை, இவன் குடித்திருக்கிறான் என்ற பொருளில் ஒருவர் சொன்னார். நினைவு திரும்பிய கிரஹாம், தன் பர்சில் இருக்கும் சர்க்கரை நோயாளி அடையாளத்தைப் பார்க்கச் சொன்னார். வாயை மூடச் சொல்லி முகத்தைக் காரின் மேல் அழுத்தினார்கள். ஒரு நண்பர் ஆரஞ்சு ஜூஸே கொண்டு வந்துவிட்டார். அதையும் கொடுக்க விடவில்லை. கடைசியில் கடையில் எந்தத் தவறும் நடக்கவில்லை என்று தகவல் வந்ததும் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அதற்குள் அவருடைய கால் எலும்பு முறிந்திருந்தது, மணிக்கட்டில் வெட்டு, நெற்றியில் காயம், தோளிலும் அடி.

1989ல் உச்சநீதிமன்றம் இந்த வழக்கில் போலீஸ் பலப்பிரயோகத்தை எப்படி மதிப்பிடுவது என்ற விதியை வகுத்தது. சட்டம் படிப்பவர்களுக்கு 'கிரஹாம் எதிர் கான்னர்' அதற்காகத்தான் தெரியும். ஆனால் மருத்துவப் பக்கத்திலிருந்து படித்தால் அது வேறு கதை. பதற்றம், ஓட்டம், தடுமாற்றம், மயக்கம். எல்லாம் கேம்ப்பெல்லும் பிளெட்சரும் 62 வருடங்களுக்கு முன் எழுதியவை. நோயாளியே சொன்னார், நண்பர் சொன்னார், மருந்து கூட காரின் பக்கத்தில் வந்து நின்றது. ஆனால் அங்கே ஒரு எண் இல்லை. எண் இல்லாத இடத்தில் அனுபவம் பேசியது, அனுபவம் தப்பாகப் பேசியது.

இன்னொன்று. ஒருவர் உண்மையிலேயே குடித்திருந்தாலும் சர்க்கரை பார்க்காமல் விட முடியாது. மது, கல்லீரல் புதிதாக சர்க்கரை தயாரிக்கும் வேலையைத் தடுக்கிறது. சாப்பிடாமல் குடித்தவருக்கு அதனாலேயே சர்க்கரை விழலாம். வாயில் வாடை வருகிறது என்பது ஊசி குத்தாமல் இருக்கக் காரணம் ஆகாது, குத்துவதற்கு இன்னும் ஒரு காரணம்.

கண்மூடி சர்க்கரை முடிவுக்கு வந்தது

பட்டையும் மீட்டரும் பரவிய பிறகு, எல்லோருக்கும் சர்க்கரை ஏற்றும் பழைய வழக்கத்தையும் கேள்வி கேட்டார்கள். 50 சதவீத கரைசல் பாகு போலத் தடித்தது. நரம்பை விட்டுக் கசிந்தால் சுற்றியுள்ள சதை வெந்தது போல அழுகிவிடும். தவிர, பக்கவாதம் வந்த மூளையில் சர்க்கரை அதிகமாக இருந்தால் சேதம் கூடுகிறது என்று 1980களில் ஆய்வுகள் சுட்டின. அப்படியானால் காரணம் தெரியாமல் எல்லோருக்கும் ஊற்றுவது சரியா? 1995ல் நியூயார்க் டாக்டர்கள் ஹாஃப்மன், கோல்ட்ஃபிராங்க் இருவரும் இதை அலசி எழுதினார்கள். உடனடியாக அளக்க முடிந்தால் அளந்து கொடு, அளக்க வழியில்லை என்றால் மட்டும் பழையபடி கொடு என்பதே முடிவின் சாரம்.

அடுத்த வருடமே இன்னொரு காரணம் சேர்ந்தது. மூளை ரத்தக் குழாயில் அடைப்பைக் கரைக்கும் ஆல்டிபிளேஸ் ஊசியை பக்கவாதத்துக்காக 1996ல் அமெரிக்கா அனுமதித்தது. சில மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஊசி, ஆனால் மூளையில் ரத்தக் கசிவு உண்டாக்கக் கூடியது. சர்க்கரை குறைவோ ஒரு கை ஒரு கால் இழுத்துக்கொண்டு அசல் பக்கவாதம் போலவே வரும். ஸ்கேனில் கசிவு இல்லை என்று பார்த்த பிறகும், இந்த ஊசிக்கு முன் எல்லோருக்கும் கட்டாயமாக முடிந்திருக்க வேண்டிய ஒரே ரத்தப் பரிசோதனை சர்க்கரைதான் என்று அமெரிக்க வழிகாட்டுதல்கள் சொல்கின்றன.

ஒரு கற்பனை உதாரணத்தில் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்போம். 68 வயதுப் பெரியவர், சர்க்கரைக்கு கிளிபென்கிளமைடு மாத்திரை சாப்பிடுகிறவர், காலையில் வலது கை அசையாமல், பேச்சு வராமல் கிடக்கிறார். வீட்டில் எல்லோரும் பக்கவாதம் என்கிறார்கள். விரலில் குத்தினால் மீட்டர் 38 காட்டுகிறது. 70க்குக் கீழே என்றாலே குறைவு, 54க்குக் கீழே ஆபத்தான குறைவு. நம் பழைய கணக்கில், அவருடைய மொத்த ரத்தத்திலும் 2 கிராம் சர்க்கரை கூட இல்லை. அவரால் விழுங்க முடியாது. வாயில் ஜூஸ் ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். ஆகவே நரம்பில் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 150 மில்லி, அதாவது 15 கிராம். நரம்பு கிடைக்கவில்லை என்றால் குளுக்ககான் ஊசி. பத்து நிமிடத்தில் மீட்டர் 110 காட்டுகிறது, கை அசைகிறது, பெயரைச் சொல்கிறார். விப்பிளின் மூன்று நிபந்தனையும் வீட்டுக் கூடத்திலேயே நிறைவேறிவிட்டது.

கதை முடிந்ததா? இல்லை. அந்த மாத்திரை கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும், அதன் வேலை ஒரு நாள் வரை நீடிக்கலாம். கொடுத்த 15 கிராம் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். "சரியாகிவிட்டது" என்று விட்டுவிட்டால் மதியம் மறுபடி விழுவார். ஆஸ்பத்திரியில் வைத்து அடிக்கடி அளக்க வேண்டும். மாறாக, மீட்டர் 110க்கு வந்தும் கை அசையவில்லை என்றால், உண்மையிலேயே பக்கவாதம் இருக்கலாம் என்று ஸ்கேனுக்கு ஓட வேண்டும்.

அந்த எண்ணையும் எப்போது சந்தேகிக்க வேண்டும்

மீட்டர் பொய் சொல்லும் இடங்களும் உண்டு. பழம் உரித்த கை, ஜூஸ் சிந்திய விரல் என்றால் தோலில் ஒட்டிய சர்க்கரையே உயர்ந்த எண்ணைக் காட்டிவிடும். இன்றைய பட்டைக்கு வேண்டியது ஒரு மைக்ரோலிட்டருக்கும் குறைவான ரத்தம், அதில் கொஞ்சம் சர்க்கரை கலந்தாலும் போதும். ஆகவே கையைக் கழுவ வேண்டும், முடியாவிட்டால் முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவதை எடுக்க வேண்டும். அதிர்ச்சி நிலையில் விரல் சில்லிட்டு ரத்த ஓட்டம் நின்றவருக்கு, விரலில் இருக்கும் ரத்தம் உடம்பு முழுவதன் நிலையைச் சொல்லாது. அப்போது நரம்பு ரத்தத்தில் பார்க்க வேண்டும்.

இதைவிட மோசமான ஒன்றும் நடந்தது. வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களுக்குப் பயன்படும் ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற திரவம் உடலில் மால்டோஸ் என்ற வேறு சர்க்கரையாக மாறும். ஒரு வகைப் பட்டை அதையும் குளுக்கோஸ் என்று எண்ணிக்கொண்டது. உண்மை அளவு தாழ்ந்திருக்க மீட்டர் உயர்வாகக் காட்டியது, அதை நம்பி இன்சுலின் போட்டார்கள். 2009ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, இவ்வகைப் பட்டைகளோடு தொடர்புடைய 13 மரணங்களைக் குறிப்பிட்டு எச்சரிக்கை விட்டது. ஆகவே வியர்த்துக் குழம்பிக் கிடக்கும் ஆளுக்கு மீட்டர் சாதாரண எண்ணைக் காட்டினால், இன்னொரு விரல், இன்னொரு பட்டை.

இப்போது பலர் கையில் சென்சார் ஒட்டிக்கொண்டு கைபேசியிலேயே சர்க்கரை பார்க்கிறார்கள். ஆனாலும் அவசரத்தில் விரலில் குத்தத்தான் செய்கிறார்கள். சென்சார் அளப்பது தோலுக்கடியில் உள்ள திரவத்தை. ரத்தத்தில் சர்க்கரை வேகமாகச் சரியும்போது அது சில நிமிடங்கள் பின்தங்கியே காட்டும். மணிக்கு 5 கிராம் கேட்கும் மூளைக்கு, அந்தச் சில நிமிடங்களைக் கடன் கொடுக்க யாரிடமும் இருப்பு இல்லை.